தொட்டியின் உள்சுவரைத் தேயுங்கள்: வீட்டில் கொசு பெருகாமல் இருக்கச் சில குறிப்புகள்

ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் அக்டோபர் 2-ஆம் தேதிக் கூட்டம்தான் கொசுவைப் பற்றிப் பேசுவதற்கு ஏற்ற நாள். அதிலிருந்து சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். கோமுகி அணையிலும் மணிமுக்தா அணையிலும் தேங்குகிற தண்ணீர் நம் கொல்லையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கும். 2017-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் 23,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு உறுதியானது. 65 பேர் இறந்தார்கள். அந்த நோயைச் சுமந்த கொசுக்களில் பெரும்பாலானவை குளத்திலும் ஏரியிலும் பிறந்தவையல்ல. வீட்டுத் தொட்டியிலும் டிரம்மிலும் பிறந்தவை. அதனால் இந்தக் குறிப்புகளில் பெரும்பகுதி நம் வீட்டுத் தண்ணீரைப் பற்றியே இருக்கும்.

1. எந்தக் கொசு எந்தத் தண்ணீரில் வளர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாக் கொசுவும் சாக்கடையில்தான் பிறக்கிறது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. சாக்கடையில் பிறப்பது க்யூலெக்ஸ். இரவில் காதருகே ரீங்காரமிட்டுக் கடிப்பதும், யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுதான். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் கொசுவோ நாம் குடிக்கும் தண்ணீர் போன்ற தெளிந்த நீரைத் தேடி வரும். கறுப்பு உடம்பு, காலில் வெள்ளைப் பட்டை. கடிப்பது பகலில், அதிலும் காலையிலும் சாயங்காலத்திலும் அதிகம். மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் வகைகளில் சில மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும். சில கல்வராயன் மலை ஓடைகளின் ஓரத்தில் மெல்ல ஊறி நிற்கும் தெளிந்த நீரில் வளரும்.

சாக்கடையைச் சுத்தம் செய்துவிட்டோம், இனி டெங்கு வராது என்று ஓர் ஊர் நிம்மதியாக இருந்துவிட்டால் அங்கே ஏடிஸ் குறையாது. அது திண்ணைக்குப் பின்னால் இருக்கும் நீல டிரம்மில் பெருகிக்கொண்டிருக்கும். ஏடிஸ் நெடுந்தூரம் பறப்பதுமில்லை. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு அடிக்குள்ளேயே அதன் வாழ்நாள் முடிந்துவிடும். உங்களைக் கடிக்கும் ஏடிஸ் உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ பிறந்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

2. கொசுப்புழுவைக் கண்ணால் பார்த்துப் பழகுங்கள்

ஒரு டார்ச் லைட்டும் ஒரு வெள்ளைக் கிண்ணமும் போதும். தொட்டியின் பக்கம் சத்தமில்லாமல் போக வேண்டும். நிழல் விழுந்தாலோ தண்ணீர் அசைந்தாலோ புழுக்கள் சட்டென்று அடிக்குப் போய்விடும். அப்படிப் போனால் இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். மூச்சுவிட அவை மேலே வந்தே ஆக வேண்டும். ஏடிஸ், க்யூலெக்ஸ் புழுக்கள் வாலை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கும். அனாபிலஸ் புழு நீர்ப்பரப்போடு ஒட்டிப் படுத்த மாதிரி கிடக்கும். கிண்ணத்தில் மொண்டு பார்த்தால் நெளிந்து நெளிந்து ஓடுவது தெரியும்.

காற்புள்ளி மாதிரி தலை பெருத்து வளைந்த உருவங்களும் கிண்ணத்தில் இருந்தால் அவை கூட்டுப்புழுக்கள். அந்த நிலையில் அவை எதையும் தின்பதில்லை. ஒன்றிரண்டு நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். கூட்டுப்புழுவைக் கண்ட பாத்திரத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. அன்றைக்கே காலி செய்யுங்கள்.

3. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. சுவரைத் தேய்க்க வேண்டும்

நான் சொல்ல வந்தவற்றில் இதுவே முக்கியம். ஏடிஸ் கொசு தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமாக இருக்கும் உள்சுவரில் ஒட்டவைக்கிறது. முட்டை கறுப்பு நிறம், கசகசாவை விடச் சிறியது. பாசி படிந்த சிமெண்டுச் சுவரில் கண்ணுக்கே தெரியாது. ஒரு கொசு ஒரு தடவையில் நூறு முட்டை வரை இடும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இடாமல் நாலைந்து பாத்திரங்களில் பிரித்துப் பிரித்து இடும்.

அந்த முட்டை காய்ந்தாலும் சாகாது. பல மாதங்கள் சுவரோடு ஒட்டிக் கிடந்து, தண்ணீர் வந்து தொட்டதும் பொரியும். கோடையில் காலியாகக் கிடந்த தொட்டியில் ஐப்பசி மழைத் தண்ணீர் நிறைந்ததும் ஒரே வாரத்தில் கொசு கிளம்புவது இதனால்தான். தினமும் நடப்பதையும் பாருங்கள். காலையில் டிரம்மில் பாதித் தண்ணீர் எடுக்கிறோம். நனைந்து வெளியே தெரியும் சுவரில் கொசு முட்டையிடுகிறது. குழாயில் தண்ணீர் வந்ததும் மறுபடி விளிம்பு வரை நிரப்புகிறோம். முட்டை நீரில் மூழ்கிப் பொரிகிறது. பழைய தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தாலும், சுவரைத் தேய்க்காவிட்டால் முட்டை அங்கேயேதான் இருக்கும்.

தேய்க்கும் முறை இது. தண்ணீரை இறைத்துவிட்டு, தேங்காய் நாரோ கெட்டியான பிரஷ்ஷோ எடுத்து, அடியிலிருந்து விளிம்பு வரை அழுத்தித் தேயுங்கள். தண்ணீர் வழக்கமாக நிற்கும் கோட்டுக்கு மேலும் கீழும் ஒரு சாண் அகலத்தை இரண்டு முறை தேயுங்கள். மூலைகளையும், குழாய் பொருத்திய இடத்தையும், விளிம்பின் உள்மடிப்பையும் விடாதீர்கள். பிறகு கழுவி, அந்தத் தண்ணீரை வெயில் படும் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். அங்கே புழு செத்துவிடும். வாய்க்காலிலோ பக்கத்துத் தொட்டியிலோ ஊற்றினால் அது இடம் மாறி வளரும்.

மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் என்ற நாட்டில் எல் புரோகிரெசோ என்ற ஊர் இருக்கிறது. அங்கேயும் வீட்டுக்கு வீடு துணி துவைக்கச் சிமெண்டுத் தொட்டிகள் உண்டு. பெண்கள் அவற்றை அடிக்கடி கழுவியும் கொசு குறையவில்லை. 1990-களில் ஆய்வாளர்கள் அந்தப் பெண்களோடு சேர்ந்தே ஒரு வழி கண்டார்கள். துணிவெளுக்கும் குளோரினையும் சலவைத் தூளையும் குழைத்து, காலி செய்த தொட்டியின் உள்சுவரில் பூசி, பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு தேய்த்துக் கழுவினார்கள். அந்தக் கலவை முட்டையைக் கொன்றது. நமக்கும் இது ஒத்துவரும். கொஞ்சம் பிளீச்சிங் பவுடரைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, சோப்புத்தூள் கலந்து, பழைய துணியால் சுவரில் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுத் தேயுங்கள். கையில் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்ளுங்கள். கழிவறை கழுவும் ஆசிடை இதோடு சேர்க்கவே கூடாது. மூச்சைத் திணறடிக்கும் வாயு கிளம்பும். கடைசியில் நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசிவிட்டு நிரப்புங்கள்.

4. வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளை மாற்றாதீர்கள்

நம் ஊர் வெயிலில் முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஏழிலிருந்து பத்து நாள் பிடிக்கும். வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் குளிர் அதிகம் என்பதால் இன்னும் சில நாள் கூடுதலாகும். ஏழு நாளுக்குள் ஒரு முறை தொட்டி காலியாகிச் சுவரும் தேய்க்கப்பட்டால் புழு கொசுவாக மாற நேரம் கிடைக்காது. இந்த வாரம் ஞாயிறு, அடுத்த வாரம் வியாழன், அதற்கடுத்து ஒழிந்த நாள் என்று வைத்துக்கொண்டால் நடுவில் பத்துப் பதினொரு நாள் இடைவெளி விழும். அந்த இடைவெளி ஒரு தலைமுறைக் கொசுவுக்குப் போதும்.

தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊரில் தொட்டித் தண்ணீரைக் கொட்ட மனம் வராது. அந்தக் கவலை நியாயமானது. அதனால் குழாய்த் தண்ணீர் வருவதற்கு முந்தைய வேளையைத் தேர்ந்தெடுங்கள். அப்போது தொட்டியில் அடித்தண்ணீர்தான் இருக்கும். அதை மாடு கழுவவும் வாழைக்கும் பயன்படுத்தலாம். தண்ணீரைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்றால், பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டி வேறு பாத்திரத்தில் ஊற்றிவைத்து, தொட்டியைத் தேய்த்தபின் திரும்ப ஊற்றிக்கொள்ளுங்கள். புழு துணியில் தங்கிவிடும். அந்தத் துணியை வெயிலில் உதறுங்கள்.

இன்னொன்று: டெங்கு மழைக்கால நோய் என்றே பேசுகிறோம். கோடையில் குழாய்த் தண்ணீர் சில நாளுக்கு ஒரு முறைதான் வரும்போது நாம் கூடுதலாகச் சேமிக்கிறோம், கூடுதல் நாள் வைத்திருக்கிறோம். சித்திரையிலும் இந்த வாரக் கணக்கை விடாதீர்கள்.

5. ஒரு வீட்டைச் சுற்றி வந்து பார்ப்போம்

சின்னசேலம் பக்கத்துச் சமவெளிக் கிராமத்தில் ஓர் ஓட்டு வீடு என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர், இரண்டு மாடு, கொஞ்சம் கோழி. வாசல் குழாயடியில் 500 லிட்டர் சிமெண்டுத் தொட்டி. சமையலறைக்குப் பின்னால் 200 லிட்டர் டிரம் இரண்டு. உள்ளே குடங்களும் ஒரு அண்டாவும்.

குடத்தில் பெரும்பாலும் புழு இருக்காது. தினமும் காலியாகித் தேய்க்கப்படுகிறது. அண்டாவும் அப்படித்தான். டிரம் இரண்டில் முன்னால் உள்ளதை தினமும் மொள்கிறார்கள். பின்னால் இருப்பது அவசரத்துக்கு என்று வைத்தது, பல வாரமாகத் தொடப்படவில்லை. புழு அதில்தான் இருக்கும். சிமெண்டுத் தொட்டியில் அடியில் ஒரு சாண் தண்ணீர் எப்போதும் மொள்ளப்படாமல் நிற்கும். அடுத்துப் பார்க்க வேண்டியது அதை. மாட்டுத் தொட்டியில் கழுநீரும் தவிடும் இருந்தாலும், மாடு முழுக்கக் குடிக்காமல் மூலையில் நிற்கும் நீரில் புழு பிடிக்கும். கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டியை தினமும் கவிழ்த்து ஊற்றுங்கள்.

வீட்டுக்குள் குளிர்சாதனப் பெட்டி இருந்தால், பின்பக்கம் கீழே ஒரு சின்னத் தட்டில் தண்ணீர் சொட்டும். பெரும்பாலான வீடுகளில் அப்படி ஒரு தட்டு இருப்பதே தெரியாது. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, தண்ணீரில் செருகிவைத்த மணி பிளாண்ட் புட்டி, பயன்படுத்தாத கழிவறைக் கோப்பை, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி ஆகியவற்றையும் பாருங்கள். இவ்வளவையும் பார்த்து முடிக்க முதல் முறை ஒரு மணி நேரம் ஆகலாம். எந்தப் பாத்திரத்தில் வளர்கிறது என்று தெரிந்துவிட்டால் அடுத்தடுத்த வாரம் கால் மணியில் முடியும்.

6. இடைவெளி விட்ட மூடி மூடியே இல்லை

அரைகுறையாக மூடிய டிரம் திறந்த டிரம்மை விடக் கொசுவுக்கு வசதி. உள்ளே இருட்டு, ஈரம், காற்று அசைவில்லை. ஏடிஸ் தேடுவது இதைத்தான். பலகைத் துண்டையோ தகரத்தையோ சாய்த்து வைத்துவிட்டு மூடியாயிற்று என்று இருக்கக்கூடாது.

டிரம்முக்குப் பழைய பருத்தித் துணியை இரட்டையாக மடித்து வாயில் போட்டு, விளிம்புக்குக் கீழே சைக்கிள் டியூப் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். டியூப் இழுத்துப் பிடிப்பதால் தினமும் அவிழ்த்துக் கட்டுவது எளிது. துணி நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொட்டால் அதன் மேலேயே முட்டையிட இடம் கிடைத்துவிடும். விறைப்பாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் தாள் போட்டால் மழைநீர் அதன் குழியில் தேங்கும். சிமெண்டுத் தொட்டிக்கு மரச்சட்டம் அடித்து அதில் நைலான் வலையை ஆணியடித்து வைப்பது நல்லது. சட்டம் விளிம்பில் சரியாக உட்கார, அடியில் பழைய ரப்பர் பட்டை ஒட்டலாம்.

மாடியில் உள்ள பிளாஸ்டிக் தொட்டியின் மூடி வெயிலில் வெடித்துக் காற்றில் பறந்துபோயிருக்கும். யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. மழைக்கு முன் ஒரு முறை ஏறிப் பாருங்கள். தண்ணீர் வழிந்தோடும் குழாயின் வாயிலும் வலைத்துணி கட்டுங்கள். மூடி சரியாக இருந்தாலும் அந்தக் குழாய் வழியாகக் கொசு உள்ளே போகும். கழிவறைத் தொட்டியின் காற்றுக் குழாய் நுனிக்கும் இதே வேலை தேவை. அந்த நுனியில் கட்டும் ஒரு முழ நைலான் துணி, க்யூலெக்ஸ் கொசுக்கள் போய்வரும் வழியை அடைத்துவிடும். தொட்டி மூடிக் கல்லின் வெடிப்பைச் சிமெண்டால் பூசுங்கள்.

7. கொட்ட முடியாத தண்ணீருக்கு மருந்து, மீன்

பெரிய தொட்டியை வாரந்தோறும் காலி செய்ய முடியாது. அதற்காகத்தான் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து மருந்து ஊற்றுகிறார்கள். நாம் அபேட் என்று சொல்லும் அந்த மருந்தின் பெயர் டெமிபாஸ். ஒரு சதவீத மணல் வடிவத்தில் இருந்தால் பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம். அதாவது 200 லிட்டர் டிரம்முக்கு 20 கிராம், 500 லிட்டர் தொட்டிக்கு 50 கிராம். இந்த அளவில் வீட்டு உபயோகத் தண்ணீரில் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறது. திரவ மருந்து பல மடங்கு வீரியமானது. அதைப் பணியாளர்தான் கலந்து ஊற்ற வேண்டும். நீங்கள் வாங்கி ஊற்றாதீர்கள்.

மருந்து ஊற்றினால் தண்ணீர் வாடை வருகிறது என்று அவர்கள் தெருவைத் தாண்டியதும் கொட்டிவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மொண்டு மொண்டு புதுத் தண்ணீர் நிரப்பினாலும் வீரியம் குறைந்துகொண்டே வரும். அவர்கள் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் அதுதான். மருந்து கூட்டுப்புழுவை அவ்வளவாகக் கொல்லாது என்பதும் நினைவிருக்கட்டும்.

பயன்படாத கிணற்றுக்குக் கம்பூசியா மீன் அல்லது கப்பி மீன் விடலாம். கொசுப்புழுவை விரும்பித் தின்னும். சுகாதாரத் துறையிடம் கேட்டு வாங்குங்கள். கம்பூசியாவை ஏரியிலோ ஓடையிலோ விடாதீர்கள். நம் நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் அது தின்றுவிடும்.

8. பிளீச்சிங் பவுடரும் புகையும் எதைச் செய்யாது

குடிநீரில் கிருமியைக் கொல்லப் போடும் அளவு பிளீச்சிங் பவுடர் கொசுப்புழுவைக் கொல்லாது. தெரு ஓரத்தில் வெள்ளைக் கோடாகத் தூவுவதும் கொசுவுக்குச் சம்பந்தமில்லாதது. சுவரில் குழைத்துப் பூசுவது வேறு. அதில் வீரியம் பல மடங்கு அதிகம். புகை மருந்து பறக்கும் கொசுவை அன்றைக்கு மட்டும் குறைக்கும். டிரம்முக்குள் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. மறுவாரம் பழையபடி கொசு வந்துவிடும். காய்ச்சல் பரவிய தெருவில் அவசரத்துக்குப் புகை அடிப்பது சரிதான். ஊராட்சியிடம் புகை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை.

9. கொல்லையை மழைக்கு முன் புரட்டுங்கள்

கொட்டகைக் கூரை காற்றில் பறக்காமல் இருக்கப் பழைய டயரைத் தூக்கிப் போடும் பழக்கம் நம் பக்கம் உண்டு. டயருக்குள் புகுந்த மழைநீர் எப்படிக் கவிழ்த்தாலும் முழுக்க வெளியே வராது. டயரை நாலைந்து இடத்தில் துளையிடுங்கள், அல்லது டயருக்குப் பதிலாக மணல் மூட்டை வையுங்கள். வைக்கோல் போருக்கும் மக்காச்சோளக் குவியலுக்கும் மூடும் தார்ப்பாயின் மடிப்புகளில் தேங்கும் நீரை மழை விட்டதும் தள்ளிவிடுங்கள். தேங்காய்ச் சிரட்டை, இளநீர்க் கூடு, பிளாஸ்டிக் குவளை ஆகியவற்றை ஒரு சாக்கில் கட்டித் தூய்மைக் காவலரிடம் கொடுங்கள். ஜன்னல் மேல் சன்ஷேடில் இலை அடைத்துக் குளம்போல நிற்பதையும் பாருங்கள்.

மலையில் வீட்டோரம் வெட்டிய மூங்கிலின் அடிக்கட்டை ஒவ்வொன்றும் ஒரு கிண்ணம். கணுவை ஒட்டி வெட்டினால் குழி விழாது. ஏற்கெனவே வெட்டியதில் மண்ணைப் போட்டு அடையுங்கள். மரப்பொந்துக்கும் அதுவேதான். குழாய் போட்டு ஊற்றுத் தண்ணீர் பிடிக்கும் இடங்களில், குழாயிலிருந்து வழிந்து சேறாக நிற்கும் பள்ளத்துக்கு ஒரு சிறு வாய்க்கால் வெட்டி ஓடவிடுங்கள். ஓடும் தண்ணீரில் புழு தங்காது.

10. சமையலறைத் தண்ணீருக்கு ஓர் உறிஞ்சு குழி

மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் போதும். அடியில் பெருங்கல், மேலே சிறு கல், அதற்கு மேல் செங்கல் துண்டும் மணலும். பாத்திரம் கழுவிய நீர் முதலில் ஒரு பானைக்குள் விழுந்து, எண்ணெயும் பருக்கையும் அங்கே தங்கி, பிறகு குழிக்குப் போகட்டும். பானையை வாரம் ஒரு முறை கழுவாவிட்டால் குழி அடைத்துக்கொண்டு தண்ணீர் மேலே நிற்கும். கிணற்றுக்குப் பக்கத்தில் குழி வெட்டாதீர்கள். கறுப்புக் களிமண் நிலத்தில் இது மெதுவாகத்தான் உறிஞ்சும். அங்கே அதே தண்ணீரை வாழைக்கோ கீரைப் பாத்திக்கோ திருப்புவதே மேல்.

11. கொசுவலை: எங்கே விட்டுப்போகிறது என்று பாருங்கள்

வலையில் சதுர அங்குலத்துக்கு 156 துளையாவது இருக்க வேண்டும். கடையில் வாங்கும்போது கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அழகுக்காக இழை விட்டு நெய்த வலைக்குள் கொசு நுழைந்துவிடும்.

கயிற்றுக் கட்டிலில் படுப்பவர்கள் பலர் வலையைக் கட்டிலின் நாலு பக்கமும் தொங்கவிட்டுப் படுக்கிறார்கள். கொசு கட்டிலுக்கு அடியில் புகுந்து கயிற்றின் இடைவெளி வழியாக முதுகில் கடிக்கும். கட்டிலின் மேல் கெட்டியான பாயோ ஜமுக்காளமோ விரித்து, வலையின் ஓரத்தை அந்தப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகுங்கள். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்கும் இதே முறைதான். தூக்கத்தில் கையோ காலோ வலையை ஒட்டிக் கிடந்தால் கொசு வெளியிலிருந்தே கடித்துவிடும். அதனால் ஆளுக்குத் தக்க அகலமான வலை வேண்டும்.

ஏடிஸ் பகலில் கடிப்பதால் இரவு வலை மட்டும் டெங்குவுக்குப் போதாது. பகலில் தூளியில் தூங்கும் குழந்தைக்கு வலை தேவை. தூளிக் கயிற்றின் மேல்முனையில் வலையைக் கட்டி, தூளியைச் சுற்றிக் கீழே முடிச்சிடலாம். குழந்தையின் முகத்தில் வலை படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும், பகலில் படுத்திருக்கும் முதியவர்களும் அப்படியே. காட்டுப்பன்றிக்குக் காவலாகப் பரணில் படுப்பவர்களும், கரும்புத் தோட்டத்திலும் நெல் களத்திலும் இரவு தங்குபவர்களும் வலையைச் சுருட்டி எடுத்துப் போங்கள்.

வயல் பக்கத்துக் குழந்தைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் க்யூலெக்ஸ் வகை நெல் வயலின் நீரில் வளர்கிறது. கள்ளக்குறிச்சி பழைய தென்னாற்காட்டில் இருந்த காலத்திலேயே இந்த நோய் இப்பக்கம் அறியப்பட்டது. அதை ஆராய்வதற்கென்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மதுரை மையம் பக்கத்து ஊரான விருத்தாசலத்தில் ஒரு களநிலையம் வைத்து நடத்தியது. வயல் நீரை நாம் கொட்ட முடியாது. குழந்தைக்கு வலையும், கிராம சுகாதார செவிலியர் சொல்லும் தடுப்பூசியும்தான் அதற்குக் காப்பு.

மருந்து ஊறிய வலை கிடைத்தால், பிரித்து ஒரு நாள் நிழலில் காற்றாடவிட்டுப் பிறகு கட்டுங்கள். அது ஏறக்குறைய 20 முறை துவைக்கும் வரை, அல்லது மூன்று ஆண்டு வரை தாங்கும். அடிக்கடி துவைக்காதீர்கள். துவைத்தால் சாதாரண சோப்பில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வெயில் மருந்தைக் கெடுத்துவிடும். கோமுகி ஆற்றிலோ மலை ஓடையிலோ துவைக்கவே கூடாது, மீன் செத்துவிடும். அந்த வலையை மீன் பிடிக்கவும் எடுக்காதீர்கள். எந்த வலையானாலும் கிழிந்த அன்றே தைத்துவிடுங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓட்டை தெரியும்.

12. காய்ச்சல்காரரைப் பகலிலும் வலைக்குள் படுக்கவையுங்கள்

டெங்கு வந்தவருக்குக் காய்ச்சல் தொடங்கி ஏறக்குறைய ஐந்து நாள் வரை ரத்தத்தில் கிருமி இருக்கும். அந்த நாட்களில் ஒரு ஏடிஸ் அவரைக் கடித்தால், எட்டிலிருந்து பன்னிரண்டு நாளுக்குப் பின் அந்தக் கொசு அடுத்த வீட்டுக்காரருக்கு நோயைக் கொடுக்கும். வெளியூர் வேலைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பும் பிள்ளைகளை முதல் நாளே வலைக்குள் விடுங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள், அதையும் மருத்துவர் சொல்லும் அளவில். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டும். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் அடிக்கடி கொடுங்கள். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கலாம். அதை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது, இனி பயமில்லை என்று இருக்கக்கூடாது. டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நாளிலும் அடுத்த ஓரிரு நாளிலும்தான் வருகிறது. விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், கை கால் சில்லிட்டுப்போவது, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மலைக் கிராமங்களில் இறங்கி வர நேரமாகும் என்பதால், அறிகுறி முற்றும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். சந்தேகம் கேட்க 104 எண் இருக்கிறது.

13. தெருவுக்கு ஒரு கணக்கு வையுங்கள்

நாலு பெண்களும் இரண்டு இளைஞர்களும் சேர்ந்தால் போதும். வாரம் ஒரு நாள் உங்கள் தெருவின் எல்லா வீட்டிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். 40 வீட்டில் 6 வீட்டில் புழு இருந்தால் நூற்றுக்குப் பதினைந்து. ஒரு நோட்டில் வீட்டை எழுதுவதைவிடப் பாத்திரத்தை எழுதுவது முக்கியம்: சிமெண்டுத் தொட்டி மூன்று, பின்கட்டு டிரம் நாலு, டயர் ஒன்று, குளிர்சாதனப் பெட்டித் தட்டு ஒன்று என்று. இரண்டு மூன்று வாரத்தில் உங்கள் தெருவில் எந்தப் பாத்திரம் கொசுவை அதிகம் உண்டாக்குகிறது என்று தெரிந்துவிடும். ஒரு தெருவில் டிரம்மாக இருக்கும், இன்னொன்றில் மாட்டுத் தொட்டியாக இருக்கும், மலையில் வேறாக இருக்கும். பூட்டிய வீடுகளையும் தனியாக எழுதுங்கள். பிழைப்புக்கு வெளியூர் போனவர்களின் வீட்டுத் தொட்டி மாதக்கணக்கில் திறந்து கிடக்கும். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு அதையும் கவிழ்த்துவிடுங்கள். அந்த நோட்டைச் சுகாதார ஆய்வாளரிடம் காட்டினால், அபேட் எந்த வீட்டுத் தொட்டிக்கு முதலில் தேவை என்று அவருக்கும் தெரியும். மூடி வாங்க ஊராட்சியிடம் எத்தனை கேட்பது என்று உங்களுக்கும் தெரியும்.